முன்னெழுத்தா, சொந்தப் பெயரா: தமிழ்ப் பெயர்ப் பட்டியலை எப்படி அடுக்குவது?

நூலின் கடைசியில் வரும் பெயரடைவு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், ஆண்டுமலரில் போடும் நன்கொடையாளர் வரிசை என்று எதைத் தயாரிக்க உட்கார்ந்தாலும் முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். உ. வே. சாமிநாதையரை உ-வில் வைப்பதா, சா-வில் வைப்பதா? இதைக் கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாதிப் பட்டியலை ஒரு விதமாகவும் மீதியை வேறு விதமாகவும் அடுக்கி முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். அப்போது திருத்துவதற்கு இரட்டிப்பு வேலை ஆகிவிடுகிறது.

நம் பெயரின் அமைப்பிலிருந்துதான் இந்தச் சிக்கல் வருகிறது. இனிஷியல் என்று நாம் சொல்லும் முன்னெழுத்து அப்பாவின் பெயரைக் குறிக்கும். பழைய தலைமுறையில் அதற்கும் முன்னால் ஊர்ப்பெயர் நிற்கும். உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதன், உ. வே. சாமிநாதையர் ஆனார். இந்த மூன்றில் அவருடைய சொந்தப் பெயர் கடைசியில்தான் இருக்கிறது. அகரவரிசையோ முதல் எழுத்தைப் பார்த்து ஓடுகிறது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. எழுதியபடியே முன்னெழுத்தில் தொடங்கி அடுக்கலாம். முன்னெழுத்தை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் அடுக்கலாம். மேலைநாட்டு முறையில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டும் அடுக்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, தேடுகிறவருக்கு எது நினைவில் இருக்கும் என்பது. பட்டியலைப் புரட்டுகிறவர் ஒரு பெயரோடு வருகிறார். அந்தப் பெயரின் எந்தப் பகுதி அவருக்கு நிச்சயமாகத் தெரியுமோ அதில்தான் அவர் தேடுவார்.

இரண்டாவது, ஒரே ஆள் எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறாரா என்பது. வெவ்வேறு ஆவணங்களிலிருந்து பெயர்களைத் திரட்டும்போது ஒருவர் இரண்டு மூன்று எழுத்து வடிவங்களில் வருவார். அடுக்கும் முறை அவரை இரண்டாகப் பிளந்துவிடக் கூடாது.

மூன்றாவது, எவ்வளவு வேலை கைவேலையாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பது. ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற முறையும் உண்டு, ஒவ்வொரு பெயரையும் படித்து முடிவு செய்ய வேண்டிய முறையும் உண்டு.

எட்டுப் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியிலும் அவை எந்த எழுத்தில் போய் விழுகின்றன என்று பார்ப்போம். எல்லோரும் தமிழ்ப் படிப்பில் அடிக்கடி எதிர்ப்படுகிறவர்கள்தாம்.

| பெயர் | எழுதியபடி | சொந்தப் பெயர் | கடைசிச் சொல் |
|---|---|---|---|
| உ. வே. சாமிநாதையர் | உ | சா | சா |
| வ. உ. சிதம்பரம் பிள்ளை | வ | சி | பி |
| திரு. வி. கலியாணசுந்தரனார் | தி | க | க |
| மு. இராகவையங்கார் | மு | இ | இ |
| ரா. இராகவையங்கார் | ரா | இ | இ |
| எஸ். வையாபுரிப் பிள்ளை | எ | வை | பி |
| ரா. பி. சேதுப்பிள்ளை | ரா | சே | சே |
| சி. சுப்பிரமணிய பாரதி | சி | சு | பா |

## வழி 1: எழுதியபடியே, முன்னெழுத்தில் தொடங்கி

இதைத்தான் கணினி தானாகச் செய்யும். பெயர் ஒரே நெடுவரிசையில் இருந்தால் வரிசைப்படுத்தச் சொன்னதும் முன்னெழுத்தில் தொடங்கி அடுக்கிவிடும். கைவேலை எதுவும் இல்லை. பெயரும் உரியவர் எழுதுகிற மாதிரியே நிற்கும், காற்புள்ளி போட்டுத் திருப்பிப் போட வேண்டியதில்லை.

தேடுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் சங்கடம் தெரியும். கூட வேலை செய்கிறவரின் பெயர் நமக்குத் தெரியும், அவருடைய அப்பாவின் பெயர் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இராகவையங்காரைத் தேடுகிறவர் மு. இராகவையங்காரையும் ரா. இராகவையங்காரையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால்தான் தனக்கு வேண்டியவர் யார் என்று பிரித்துக்கொள்வார். இந்த முறையில் ஒருவர் ம-விலும் இன்னொருவர் ர-விலும் இருப்பார்கள். முதலில் கண்ணில் பட்டவரே தான் தேடியவர் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட வாய்ப்பு அதிகம்.

ஆங்கில முன்னெழுத்து செய்யும் வேலை இன்னும் மோசம். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் ஒலிபெயர்த்தால் எஃப், எல், எம், என், எஸ் எல்லாமே எ-வில் தொடங்கும். நம் அப்பாக்களின் பெயர்களோ ச, ம, ந எழுத்துகளில் ஏராளம். சுப்பிரமணியன், முருகேசன், நடராசன் மூவரும் எஸ்., எம்., என். ஆகி, அவர்களுடைய பிள்ளைகள் அத்தனை பேரும் எ-வில் வந்து குவிவார்கள். எ பல பக்கம் ஓடும்போது ந-வில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஒரு பட்டியலில் எ இப்படி வீங்கியிருந்தால், முன்னெழுத்தை வைத்து அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

அதோடு முன்னெழுத்து நிலையானதும் இல்லை. எஸ். வையாபுரிப் பிள்ளை சில இடங்களில் ச. வையாபுரிப் பிள்ளை என்று வருவார். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் பட்டியல் போடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே ஆள் பழைய சான்றிதழில் எஸ். என்றும் புதியதில் சு. என்றும் இருப்பார். முன்னெழுத்து வரிசையில் அவர் இரண்டு ஆளாகிவிடுவார், இரண்டு இடமும் பத்துப் பக்கம் தள்ளி இருப்பதால் பிழை திருத்துகிறவர் கண்ணிலும் படாது.

இது பொருந்துகிற இடமும் உண்டு. ஒரே பக்கத்தில் அடங்கும் பட்டியல் என்றால் எப்படி அடுக்கினாலும் கண் கண்டுபிடித்துவிடும். மூல ஆவணத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்து ஒத்துப்பார்க்க வேண்டிய பதிவேட்டிலும் பெயரைப் பிரிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

## வழி 2: சொந்தப் பெயரில் அடுக்கி, முன்னெழுத்தைப் பின்னால் வைப்பது

இந்தச் சிக்கலை நெருக்கத்திலிருந்து பார்த்தவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் பெயரே இதற்கு உதாரணம். சீர்காழியின் பழைய வடிவமான சீயாழி என்ற ஊர்ப்பெயர், இராமாமிர்தம் என்ற அப்பா பெயர், அப்புறம்தான் ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த அவர் பிறகு வகுத்த நூற்பட்டியல் விதிகளில் ரங்கநாதன் என்பது முதலில் நிற்கும், சீயாழி இராமாமிர்த என்பது பின்னால் அடைப்புக்குறிக்குள் போகும். ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளும் குடும்பப் பெயர் இல்லாத தமிழ்ப் பெயரைச் சொந்தப் பெயரில் பதியவே சொல்கின்றன. பெயருக்கு முன்னால் ஊரோ அப்பா பெயரோ வரும், பின்னால் சாதிப்பெயர் வரலாம் என்பதை அவையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

நம் எட்டுப் பெயர்கள் இந்த முறையில் இப்படி வரும்:

இராகவையங்கார், மு.
இராகவையங்கார், ரா.
கலியாணசுந்தரனார், திரு. வி.
சாமிநாதையர், உ. வே.
சிதம்பரம் பிள்ளை, வ. உ.
சுப்பிரமணிய பாரதி, சி.
சேதுப்பிள்ளை, ரா. பி.
வையாபுரிப் பிள்ளை, எஸ்.

இரண்டு இராகவையங்கார்களும் அடுத்தடுத்து வந்துவிட்டார்கள். முன்னெழுத்து இப்போது வரிசையின் தொடக்கமாக இல்லாமல் ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டும் அடையாளமாக நிற்கிறது. அதற்குத்தானே நாமும் அதைப் பயன்படுத்துகிறோம். வையாபுரிப் பிள்ளை எஸ். என்று வந்தாலும் ச. என்று வந்தாலும் வ-வில்தான் இருப்பார். இரண்டும் ஒட்டி ஒட்டி வருவதால் ஒரே ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்து சேர்த்துவிடலாம்.

சரி, இதற்கும் மறைமுகச் செலவு இருக்கிறது, நான் அதைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பெயரைப் பிரிப்பது முதல் செலவு. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் சொந்தப் பெயர் என்று ஒரு விதி வைத்தால் பெரும்பாலான பெயர்கள் சரியாகப் பிரியும். புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டிருந்தாலும் விடாவிட்டாலும் விதி வேலை செய்யும். ஆனால் பெயருக்குப் பின்னால் பி.ஏ., எம்.எல். என்று பட்டம் இருந்தால் கடைசிப் புள்ளி இடம் மாறிவிடும். அதனால் பட்டங்களை முதலிலேயே தனி நெடுவரிசைக்கு எடுத்துவிட வேண்டும். டாக்டர், பேராசிரியர், திரு. போன்ற முன்னடைகளையும் அப்படித்தான்.

இந்த ‘திரு.’ விஷயத்தில் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். ஒரு கட்டுரைத் தொகுப்பின் பெயரடைவுக்காகத் தொடக்கத்தில் வரும் திரு., திருமதி எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நீக்கினேன். மெய்ப்புப் பார்த்தவர் கேட்டார், ‘யார் இந்த வி. கலியாணசுந்தரனார்?’ திரு.வி.க.வின் திரு மரியாதைச் சொல் இல்லை, திருவாரூர். ஊர்ப்பெயரையே வெட்டி எறிந்திருக்கிறேன். அதிலிருந்து திரு.-வை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் நீக்குகிறேன்.

சுருக்கப் பெயர்கள் இரண்டாவது செலவு. மு.வ., உ.வே.சா., வ.உ.சி., தி.ஜா., கி.ரா. என்று நம் மனத்தில் பதிந்திருக்கும் பெயர்களில் முன்னெழுத்தே பெயராகிவிட்டது. மு.வ.வைத் தேடுகிறவர் மு-வில்தான் முதலில் விரல் வைப்பார். அவர் வரதராசன் என்று யோசித்து வ-வுக்கு வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதற்கு வழி ‘பார்க்க’ குறிப்புதான். மு-வில் ‘மு.வ. – பார்க்க: வரதராசன், மு.’ என்று ஒரு வரி. இருநூறு முந்நூறு பெயர்கள் உள்ள இலக்கிய நூலில் இப்படி ஒரு பத்துப் பதினைந்து வரி சேரும், அந்த இடம் வீணில்லை.

மூன்றாவது செலவைப் பலர் கவனிப்பதில்லை. ர, ல எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை முன்னால் ஓர் உயிரெழுத்துச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறோம். ராமசாமியும் இராமசாமியும், ரங்கநாதனும் அரங்கநாதனும், லட்சுமியும் இலட்சுமியும், லோகநாதனும் உலகநாதனும் அல்லது உலோகநாதனும் என்று. சொந்தப் பெயரில் அடுக்கும்போது இதனால் ஒரே ஆள் இரண்டு முனையில் விழலாம். எல்லோரையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றக் கூடாது. ராஜநாராயணனை இராசநாராயணன் ஆக்கும் உரிமை பட்டியல் போடுகிறவருக்கு இல்லை. உரியவர் எழுதும் வடிவத்தில் விட்டுவிட்டு, ரா-வின் தலைப்பில் ‘இரா-விலும் காண்க’ என்றும் இரா-வில் அதற்கு எதிர்க்குறிப்பும் ஒருமுறை போட்டால் போதும்.

சுந்தர ராமசாமி போன்ற பெயரும் யோசிக்க வைக்கும். முன்னால் நிற்பது அப்பாவின் பெயர்தான், ஆனால் முன்னெழுத்தாகச் சுருங்காமல் முழுச்சொல்லாக நிற்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வாசகர்களுக்கு அவர் பெயர். இங்கே நான் விதியைப் பிடித்துக்கொள்வதில்லை. சுந்தர ராமசாமி என்று சு-வில் வைத்து, ரா-வில் ஒரு பார்க்கக் குறிப்புப் போடுவேன். சுப்பிரமணிய பாரதிக்கும் பா-வில் அதே மாதிரி ஒரு குறிப்பு வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் பாரதி என்றுதான் தேடுவார்கள்.

## வழி 3: கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுப்பது

மேற்கோள் மென்பொருள்களும் வெளிநாட்டுப் படிவங்களும் இதைத்தான் செய்கின்றன. மேலே உள்ள அட்டவணையைப் பார்த்தால் எட்டில் ஐந்து பெயர்களுக்கு இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் ஒரே எழுத்தைக் காட்டும். முன்னெழுத்து முன்னால் இருக்கும் பெயரில் கடைசிச் சொல்லும் சொந்தப் பெயரும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் காரணம். இந்தத் தற்செயலை நம்பித்தான் பலர் இதுவும் சரிதான் என்று முடிவு செய்கிறார்கள்.

மீதி மூன்றைப் பாருங்கள். பாரதி பா-வுக்கும், சிதம்பரம் பிள்ளையும் வையாபுரிப் பிள்ளையும் பி-வுக்கும் போய்விட்டார்கள். சேதுப்பிள்ளை மட்டும், அவர் பெயரைச் சேர்த்தெழுதும் வழக்கம் இருப்பதால், சே-வில் தங்கிவிட்டார். ஓர் இடைவெளி விட்டதும் விடாததும் ஒருவர் இருக்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. அதோடு ‘பிள்ளை, எஸ். வையாபுரிப்’ என்று ஒற்று அந்தரத்தில் தொங்கும். பழைய தலைமுறை அறிஞர்கள் நிறைய வரும் நூலில் இந்த முறையைக் கையாண்டால் பிள்ளை, முதலியார், ஐயர் என்று சாதிவாரியாகப் பட்டியல் பிரிந்து நிற்கும். அப்படி ஒரு பட்டியலில் என் பெயரைப் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்றைய பெயர்களில் குழப்பம் வேறு விதம். விஸ்வநாதன் ஆனந்த் என்பதில் கடைசிச் சொல் அவருடைய சொந்தப் பெயர், விஸ்வநாதன் அவர் அப்பா. சுந்தர் பிச்சை என்பதில் கடைசிச் சொல் அப்பா வழியில் வந்தது, அவரை நாம் அழைப்பது சுந்தர். ஒரே இடத்தில் நிற்கும் சொல் ஒருவருக்குச் சொந்தப் பெயராகவும் இன்னொருவருக்கு அப்பா பெயராகவும் இருக்கும்போது, எந்த மென்பொருளுக்கும் எது எதுவென்று தெரியாது. கடவுச்சீட்டுக்காக அப்பா பெயரைப் பின்னால் விரித்து எழுதிய இளைஞர்கள் கூடக்கூட இது பெருகும்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் பட்டியலில் இதற்கு நல்ல தீர்வைப் பார்க்கலாம். குகேஷ் அங்கே Gukesh D, பிரக்ஞானந்தா Praggnanandhaa R. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக விரித்திருந்தால் பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் ரமேஷ்பாபு என்ற பெயரின்கீழ், பலகையில் உட்காராத ஒருவர் பெயரில், இருந்திருப்பார்கள்.

வெளிநாட்டு இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது இந்த முறை தவிர்க்க முடியாதது. அப்போது கட்டுரையாசிரியர் தன் முதல் கட்டுரையிலேயே எந்தச் சொல்லைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது என்று முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் இருப்பதே முக்கியம். உண்மையான குடும்பப் பெயர் உள்ளவர்கள் மட்டுமே இருக்கும் பட்டியலுக்கும் இது சரி.

## எந்த வழியானாலும் ஒரு சோதனை

சொந்தப் பெயரில் அடுக்க முடிவெடுத்த பிறகும் கணினி காலை வாரலாம். தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு கொடுத்திருக்கும் எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை இல்லை. அதில் ன எழுத்து ந-வை அடுத்து வந்துவிடுகிறது, ற எழுத்து ர-வை அடுத்து வருகிறது, ஜ எழுத்து ச-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புள்ளி வைத்த மெய்யும் அகராதியில் போல முன்னால் வராமல் உயிர்மெய் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க மூன்று ஜோடிப் பெயர்கள் போதும். கண்ணன், கணேசன், மாலதி, மாறன், மயில்வாகனன், மனோகரன். ஒவ்வொரு ஜோடியிலும் நான் முதலில் எழுதியிருப்பதுதான் முதலில் வர வேண்டும். உங்கள் மென்பொருள் கணேசனையும் மாறனையும் மனோகரனையும் முன்னால் போட்டால் அது எண் வரிசையில் அடுக்குகிறது என்று அர்த்தம். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் தமிழ் வரிசை விதியை இப்படிக் கேட்டு வாங்கலாம். ஒரே பெயர் இருவருக்கு இருந்தால் மட்டும் முன்னெழுத்தைப் பார்க்கும்:

```javascript
const c = new Intl.Collator("ta");
rows.sort((a, b) =>
  c.compare(a.name, b.name) || c.compare(a.initial, b.initial));
```

இதை ஓட்டிவிட்டு அதே மூன்று ஜோடிகளை மறுபடியும் பாருங்கள்.

## நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஒரு பக்கத்துக்கு மேல் போகும் எந்தத் தமிழ்ப் பட்டியலுக்கும் இரண்டாம் வழி. அதிலும் அடுக்குவதையும் காட்டுவதையும் தனித்தனியாக வைத்துக்கொள்வேன். நூலடைவில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று திருப்பிப் போடுவது வழக்கம், வாசகர்களும் பழகியிருக்கிறார்கள். ஆண்டுமலரிலோ உறுப்பினர் பட்டியலிலோ அப்படித் திருப்பினால் பெயருக்கு உரியவருக்கே அந்நியமாகத் தெரியும். அங்கே சா-வின் கீழ் ‘உ. வே. சாமிநாதையர்’ என்று முழுசாகவே அச்சிட்டு, சொந்தப் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் போட்டால் போதும். கண் தடித்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்.

பெயர்களைத் திரட்டும்போதே விண்ணப்பத்தில் ஒரே கட்டம் வைக்காமல் மூன்று கட்டம் வையுங்கள்: ‘உங்களை அழைக்கும் பெயர்’, ‘முன்னெழுத்து’, ‘அச்சில் முழுப்பெயர் எப்படி வர வேண்டும்’. இருநூறு பேரின் பெயரை உட்கார்ந்து பிரிக்கும் வேலை அவரவர் கையாலேயே முடிந்துவிடும். ஒரே முன்னெழுத்தோடு இரண்டு செந்தில்குமார் வந்தால் மட்டும் இருவரிடமும் அப்பாவின் முழுப்பெயரைக் கேட்டு அதை விரித்துப் போட வேண்டியிருக்கும். அப்பாவின் பெயரும் ஒன்றாகவே இருந்தால் ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உத்தமதானபுரம் பெயருக்கு முன்னால் வந்தது போல.